கோடுகள் இணையாதபோது

1947இல் வெளியான ஓர் ஆய்வில் 60 கினிப்பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்து, பல்லை உருவாக்கும் செல்களின் நீளத்தை அளந்தார்கள். மாற்றிப் பார்த்த காரணிகள் இரண்டு: ஆரஞ்சுச் சாறா, வெறும் வைட்டமினா என்பது ஒன்று, நாளுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்ற அளவு மற்றொன்று.

சராசரிகளைப் புள்ளிகளாக வைத்து இரண்டு கோடுகள் வரையுங்கள். 0.5இல் சாறு 13.2, வைட்டமின் 8.0. 1இல் 22.7, 16.8. ஆனால் 2இல் இரண்டுமே 26ஐத் தொட்டுச் சேர்ந்துவிடுகின்றன. இணையாகப் போயிருந்தால், சாற்றின் கூடுதல் பலனை ஒரே எண்ணில் சொல்லியிருக்கலாம். இங்கே மொத்தச் சராசரி வித்தியாசம் 3.7, அந்த வித்தியாசம் எந்த அளவிலுமே காணப்படவில்லை! எனவே ‘சாறு சிறந்ததா’ என்று கேட்டால், ‘எவ்வளவு கொடுத்தீர்கள்’ என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு புள்ளிக்குப் பத்து விலங்குகள்தான். காரணிகளுக்குள் ஊடாட்டமே இல்லாவிட்டாலும் இவ்வளவு விலகல் தற்செயலாக வர வாய்ப்பு சுமார் 2 சதவீதம் என்கிறது கணக்கு. கோடுகள் ஏன் சேர்ந்தன என்பதைப் படம் சொல்லாது.