மாத நடுவில் திட்டம் மாற்றினால் பில் எவ்வளவு வர வேண்டும்?

கணக்கு எழுதும் மென்பொருளுக்கு மாதம் 600 ரூபாய் சந்தா கட்டும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, அந்த மாதத்துக்கான பணம் முன்கூட்டியே போய்விடும். ஜூன் 11 காலையில் கடைக்காரர் 1,500 ரூபாய் திட்டத்துக்கு மாறுகிறார். ஜூலை 1 அன்று வந்த பில்லில் வரி போக 2,100 ரூபாய். இரண்டு தடவை பிடித்துவிட்டார்களோ என்று தோன்றும். ஆனால் பில் சரிதான்.

ஜூனுக்கு 30 நாள். 11ஆம் தேதியையும் சேர்த்தால் மிச்சம் 20 நாள். பழைய திட்டத்தில் அந்த 20 நாளுக்குக் கட்டிய 400 ரூபாய் வரவாகத் திரும்ப வேண்டும். புதிய திட்டத்தில் அதே 20 நாளுக்கு 1,000 ரூபாய் பற்று. ஆக, ஜூனுக்குக் கூடுதலாகத் தர வேண்டியது 600. இதோடு ஜூலை மாதத்துக்கான 1,500 சேர்ந்தால் 2,100. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய். மொத்தம் 2,478.

பில்லில் இந்த வரவும் பற்றும் தனித்தனி வரிகளாக இருக்கும். ஸ்ட்ரைப் வழியாக வரும் பில்களில் "Unused time on" என்று தொடங்குவது வரவு, "Remaining time on" என்று தொடங்குவது பற்று. முதலில் தேட வேண்டியது வரவு வரியைத்தான்.

தவறு எங்கே என்பதைத் தொகையே காட்டிக்கொடுக்கும். ஜூனுக்கு 600க்குப் பதிலாக 1,000 இருந்தால் வரவு விடுபட்டிருக்கிறது. 900 இருந்தால் நாள் கணக்கே பார்க்காமல் இரு திட்டங்களின் முழு வித்தியாசத்தையும் போட்டிருக்கிறார்கள். 300 என்றால் மிச்சமிருக்கும் 20 நாளுக்குப் பதில் கழிந்துபோன 10 நாளைப் பெருக்கியிருக்கிறார்கள்.

சில ரூபாய் முன்பின்னாக இருந்தால் பதற வேண்டாம். சில நிறுவனங்கள் நாளாக எண்ணாமல் நொடிக்கணக்கில் எண்ணும். அப்படி எண்ணும் இடத்தில் 11ஆம் தேதி நண்பகலில் மாறியிருந்தால் பத்தொன்பதரை நாள்தான் மிச்சம்; 585 ரூபாய் வரும். இங்கே ஒரு நாளின் வித்தியாசம் 30 ரூபாய். அதற்குள் அடங்கினால் எண்ணும் முறையில் உள்ள வேறுபாடாக இருக்கலாம். அதைத் தாண்டினால் கேட்க வேண்டியதுதான்.

கேட்பதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். பழைய திட்டத்தைத் தள்ளுபடியில் 480க்கு வாங்கியிருந்தால் வரவு 320தான். உண்மையில் கட்டிய பணத்துக்குத்தான் கணக்கு. அடுத்து, புதுப்பிக்கும் தேதி. சில சேவைகளில் திட்டம் மாறிய நாளிலிருந்தே புதிய மாதம் தொடங்கும். அப்போது 11ஆம் தேதியே முழு 1,500ஐப் போட்டு, 400ஐக் கழித்து, 1,100 கேட்பார்கள். அடுத்த பில் ஜூலை 11 அன்றுதான். அதுவும் சரியே.

தவறு உறுதியானால் இரு திட்டங்களின் விலை, மாறிய தேதி, மிச்ச நாள், உங்கள் கணக்கில் வரும் தொகை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். ஜிஎஸ்டி பில்லாக இருந்தால் கிரெடிட் நோட் கேளுங்கள். 'அடுத்த மாதம் குறைத்துக்கொள்கிறோம்' என்ற வாய்வார்த்தையை வைத்து வரிக்கணக்கைத் திருத்த முடியாது.