12 பக்க அறிக்கை, ஒரே ஸ்லைடு

திட்ட நிலவர அறிக்கையை மேலதிகாரிகளுக்கான ஒரே ஸ்லைடாகச் சுருக்குவது எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் திணிப்பதல்ல. அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு எது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குத் தேவைப்படாததைப் பின்னிணைப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு நிறுவனம் சம்பளப் பட்டுவாடாவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க நாள் ஏப்ரல் 1. கிளைகளின் பழைய பதிவுகள் ஒத்துப்போகாததால் சரிபார்ப்பு நான்கு வாரம் பின்தங்கிவிட்டது. 12 பக்க அறிக்கையில் இந்தச் செய்தி ஒன்பதாம் பக்கத்தில் கிடக்கிறது. ஸ்லைடில் அதுவே தலைப்பாக வேண்டும்: “சம்பள மென்பொருள் மே 1-க்குத் தள்ளிப்போகும், ஏப்ரலிலேயே தொடங்கக் கூடுதலாக 6 லட்சம் ரூபாய் தேவை.” ‘திட்ட நிலவரம், மார்ச்’ என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை.

தலைப்பின் கீழே மூன்று பகுதிகள் போதும். முக்கியக் கட்டங்களுக்கு முதலில் குறித்த தேதியும் இப்போதைய கணிப்பும் அருகருகே; தாமதத்துக்கான காரணம் ஒரே வரியில்; யார், எந்த நாளுக்குள், எதை முடிவுசெய்ய வேண்டும் என்பது கடைசியில்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என நிலையைக் காட்டும் நிறங்களில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் நிலவரத்தைத் திட்ட மேலாளர்கள் ‘தர்பூசணி’ என்பார்கள். மாதந்தோறும் நிறம் பச்சையாகவே இருக்க, கணிப்புத் தேதி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால் அது தர்பூசணிதான். இரண்டு வாரத்துக்கு மேல் தாமதமானால் சிவப்பு என்பதுபோல வரம்பை முன்கூட்டியே வகுத்துவிட்டால், நிறம் தயாரிப்பவரின் விருப்பப்படி மாறாது.

திட்டத்தை அறியாத ஒருவர் ஒரு நிமிடம் படித்துவிட்டு, தம்மிடம் கேட்கப்படுவது என்ன என்று சொல்ல முடிந்தால் ஸ்லைடு தயார்.