நடுத்தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கோரும் மனு

இருவர் தம் பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லாது, தாமே தெரிந்தெடுத்த நடுத்தீர்ப்பாளரிடம் ஒப்படைக்க உடன்படுகின்றனர். தீர்ப்புக் கிடைத்ததும் ஒருவருக்கு மகிழ்ச்சி, மற்றவருக்கு ஏமாற்றம். ஏமாற்றமடைந்தவர் உடனே கேட்பது, “இதை மேல் நீதிமன்றத்தில் மாற்றிக்கொள்ளலாமா?” என்பதே. இலங்கையில் இவ்வினாவுக்கு விடை தருவது 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவாகும்.

இந்த மனு மேன்முறையீடு அன்று. சான்றுகளை மீண்டும் நிறுத்துப் பார்ப்பதும், சட்டத்தை நடுவர் பிழையாக விளங்கிக்கொண்டாரா என ஆராய்வதும் இங்கு நீதிமன்றத்தின் வேலையல்ல. தீர்ப்பு பிறந்த முறையில் அடிப்படைக் குறை உண்டா என்பது மட்டுமே அங்கு பார்க்கப்படும்.

காரணங்கள் ஆறு. முதல் நான்கையும் மனுதாரரே நிரூபித்தல் வேண்டும். உடன்படிக்கை செய்தவருக்குச் சட்டத் தகுதி இல்லை, அல்லது உடன்படிக்கையே செல்லாது என்பது முதலாவது. நடுவர் நியமனம் பற்றியோ விசாரணை பற்றியோ முறையான அறிவித்தல் தரப்படவில்லை, அல்லது தம் பக்கத்தை எடுத்துரைக்க இயலாது போயிற்று என்பது இரண்டாவது. ஒப்படைக்கப்படாத பிணக்கைத் தீர்ப்புத் தீர்த்துவிட்டது என்பது மூன்றாவது. நடுவர் சபை அமைந்த விதமோ நடைமுறையோ உடன்பாட்டுக்கு மாறானது என்பது நான்காவது. எஞ்சிய இரண்டையும் நீதிமன்றமே கண்டறியலாம். அப்பிணக்கு இலங்கைச் சட்டப்படி நடுத்தீர்ப்புக்கு விடக்கூடாதது என்பது ஒன்று. தீர்ப்பு இலங்கையின் பொதுக் கொள்கைக்கு முரணானது என்பது மற்றது.

ஒரு கற்பனை வழக்கைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஓர் ஒப்பந்தகாரரைக் கொண்டு வீடு கட்டுவித்தார். கட்டணம் பற்றிப் பிணக்கு எழுந்தது. நடுவர் 38 இலட்சம் ரூபாவை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும்படி தீர்த்தார். வீட்டுக்காரருக்கு நான்கு குறைகள். நடுவர் ஒப்பந்தகாரரின் சாட்சியை நம்பினார். விலை உயர்வு பற்றிய நிபந்தனையைத் தவறாக விளங்கினார். விசாரணை முடிந்தபின் வந்த பொறியியலாளர் அறிக்கையைத் தமக்குக் காட்டாமலே அதன்மீது தீர்ப்பளித்தார். நடுத்தீர்ப்பு வாசகமே இல்லாத வேறோர் ஒப்பந்தப்படி கட்டிய சுற்றுமதிலுக்கும் 4 இலட்சம் சேர்த்துவிட்டார்.

முதலிரு குறைகளும் உண்மையாயினும் பயன் தரா. மூன்றாவது குறை வலுவானது. காணாத அறிக்கைக்கு மறுமொழி கூறுவது எவ்வாறு? அதன் பிரதியை அக்காலத்திலேயே எழுத்தில் கேட்ட கடிதம் இருப்பின் அது சிறந்த சான்றாகும். நான்காவது குறை அதிகார எல்லை பற்றியது. அப்பகுதியைப் பிரித்தெடுக்க முடியுமாயின், மதிலுக்குரிய 4 இலட்சத்தை மாத்திரம் நீக்கி, எஞ்சியதை நிலைநிறுத்தச் சட்டம் இடமளிக்கிறது.

பலர் தவறான தீர்ப்பு யாவும் பொதுக் கொள்கைக்கு முரண் என்று வாதிட முயல்வர். உடற்கவச அங்கிகள் பற்றி ஒரு கம்பனிக்கும் இலங்கை இராணுவத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், மேல் நீதிமன்றம் இக்காரணத்தைக் காட்டி நடுத்தீர்ப்பைத் தள்ளிவைத்தது. 2007இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பொதுக் கொள்கை என்ற வாசல் வழியே மேன்முறையீடு உள்ளே நுழைய முடியாது என்பதே அதன் சாரம்.

இனிக் காலவெல்லை. தீர்ப்பைப் பெற்றுக்கொண்டதிலிருந்து 60 நாளுக்குள் மனு மேல் நீதிமன்றத்தை அடைதல் வேண்டும். நம் வீட்டுக்காரர் தீர்ப்பை மார்ச் 5ஆம் நாள் பெற்றார் எனக் கொள்வோம். மறுநாளிலிருந்து எண்ணினால் மார்ச்சில் 26 நாள், ஏப்ரிலில் 30 நாள், ஆக 56. மே 4ஆம் நாள் அறுபதாவது நாளாகும். எனவே தீர்ப்பைக் கையேற்ற திகதியை உறையோடும் ஒப்பத்தோடும் பேணுவது முதற் கடமை. எழுத்துப் பிழையையோ கணக்குப் பிழையையோ திருத்தும்படி நடுவரைக் கேட்கலாம். ஆயின் அவருடைய பதிலுக்காக நாளைப் போக்குவது ஆபத்து. தவணை முறையில் பணம் கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கையிலும் நாட்கள் கழிந்துகொண்டேயிருக்கும்.

மனுவோடு சத்தியக்கடதாசியும், தீர்ப்பின் பிரதியும், உடன்படிக்கையின் பிரதியும் இணைக்கப்படும். எதிர்த்தரப்பார் எதிர்மனுதாரராகப் பெயரிடப்பட்டு அறிவித்தல் பெறுவர். வென்றவரும் சும்மா இருக்கமாட்டார். தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி அவரும் விண்ணப்பிக்கலாம். அவ்வாறாயின் இரு விண்ணப்பங்களும் ஒருங்கே விசாரிக்கப்படும். மேல் நீதிமன்றத்தின் கட்டளைக்கு எதிராக, சட்டவினா ஒன்றின்மீது, உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு மட்டுமே மேன்முறையீடு செய்யலாம்.

ஆகையால் தீர்ப்பு கையில் கிடைத்தவர், “இது நியாயமா?” என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. “நான் கேட்கப்பட்டேனா? நான் ஒப்படைத்ததை மட்டுமா நடுவர் தீர்த்தார்? இன்று எத்தனையாவது நாள்?” என்னும் இம்மூன்று வினாக்களோடும் உறையையும் எடுத்துக்கொண்டு அவ்வாரமே சட்டத்தரணியிடம் செல்லுதல் வேண்டும்.