தேதி இல்லாத பதில்

ஒருவர் ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்கப் போகிறார். பணம் வெளியே வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. அன்று 4ஆம் தேதி. மறுநாள் வாடகை கட்ட வேண்டும் என்றும் சேர்த்து எழுதி வங்கிக்குப் புகார் அனுப்புகிறார். சேவைப் பிரிவு ஊழியர் எழுதிவைத்த பதில் இது:

“தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தீர்வு காணப்படும். பொறுமைக்கு நன்றி.”

மரியாதையான பதில்தான். ஆனாலும் இதை அப்படியே அனுப்பக் கூடாது. பதிலைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் முதலில் பார்க்க வேண்டியது, இதைப் படித்தவர் மறுபடி போன் செய்வாரா என்பதை. நிச்சயம் செய்வார். ‘விரைவில்’ என்றால் நாளையா, அடுத்த மாதமா?

இத்தனைக்கும் தேதி சொல்வதற்கு விதியே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, வராத ஏடிஎம் பணத்தைப் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்தப் புகாருக்குக் கெடு 9ஆம் தேதி.

அதற்காக, ‘பணம் கட்டாயம் வந்துவிடும்’ என்றும் எழுதிவிடக் கூடாது. இயந்திரத்தின் பதிவையும் அதில் மிஞ்சிய ரொக்கத்தையும் ஒப்பிட்ட பிறகே பணம் வெளியே வந்ததா இல்லையா என்பது உறுதியாகும். திருத்திய பதில் இப்படி இருக்கலாம்:

“4ஆம் தேதி நீங்கள் கேட்ட 5,000 ரூபாய் கைக்கு வராமல் கணக்கில் கழிந்திருப்பதைப் பார்த்தோம். வாடகை கட்டும் நேரத்தில் இப்படி ஆனதற்கு வருந்துகிறோம். அந்த ஏடிஎம்மின் பதிவைச் சரிபார்க்கிறோம். பணம் வெளியே வரவில்லை என்று உறுதியானால் 9ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் சேரும். முடிவு எதுவானாலும் அன்று மாலைக்குள் குறுஞ்செய்தி அனுப்புவோம். நீங்கள் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. உங்கள் புகார் எண் கீழே உள்ளது.”

இதிலும் வருத்தம் ஒரே வரிதான். ஆனால் அவர் எழுதிய வாடகை விஷயம் அதில் இருப்பதால், தன் கடிதத்தை ஒருவர் படித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது. மன்னிப்பை மூன்று முறை எழுதினாலும் இது கிடைக்காது. ‘உரிய பிரிவு’ போய், என்ன வேலை நடக்கிறது என்பது வந்துவிட்டது. கடைசி வரிகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன: வங்கி என்ன செய்யும், எப்போது செய்யும், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் 9ஆம் தேதி அந்தக் குறுஞ்செய்தி போகாவிட்டால், முதல் பதிலை விட இது அதிகக் கோபத்தைக் கிளப்பும். அதை அனுப்பப்போவது யார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேற்பார்வையாளர் ஒப்புதல் தர வேண்டும்.

உங்களுக்குத் தேதியில்லாத பதில் வந்தால், தேதி கேட்டு எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாட்களாகியும் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.