‘ஒரே ஒரு பெக்’ என்னும் நெருக்கடி

குடிக்காத ஒருவரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது பெரும்பாலும் அந்நியர் அல்லர். கணவர், மனைவி, காதலர் என்று மிக நெருங்கியவரே. மறுப்பது கடினமாவதும் அதனால்தான். கிளாஸை வேண்டாம் என்று தள்ளினால், கொடுத்தவரையே தள்ளியதுபோல ஆகிவிடுகிறது.

சென்னையில் வழக்கமாக நடப்பதையே எடுத்துக்கொள்ளலாம். திருமணமாகி ஓராண்டான தம்பதி. சனிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வாடகை வீட்டில் கணவரின் நண்பர்கள் கூடுகிறார்கள். மனைவிக்குக் குடிப் பழக்கம் இல்லை. “பீர்தானே, பாதி பாட்டில், கம்பெனிக்கு” என்று தொடங்குகிறார் கணவர். அவர் மறுத்ததும் “ஃப்ரெண்ட்ஸ் முன்னால சீன் போடாதே” என்று பேச்சு மாறுகிறது. நள்ளிரவில் யாரோ கடலில் இறங்கலாம் என்கிறார்கள். இன்னொருவர் புதுச்சேரி வரை காரில் போய் வரலாம் என்கிறார்.

‘பீர்தானே’ என்ற சொல்லை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கட்டிங் எனப்படும் 90 மி.லி. விஸ்கியிலோ சுமார் 30 கிராம்தான். ஆக, பாதி பாட்டில் பீர் என்பது 30 மி.லி. பெக் இரண்டுக்குச் சமம். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு. அதனால் ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில்தான் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். 55 கிலோ எடையுள்ள பெண் வெறும் வயிற்றில் அந்தப் பாதி பாட்டிலைக் குடித்தால், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 60 முதல் 70 மி.கி. வரை ஏறலாம். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மி.கி. ஏறியது மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் இறங்கும், மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

மறுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, காரணம் சொல்வது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன் என்றால், “எந்த மாத்திரை? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று பதில் வரும். நாளைக்கு வேலை இருக்கிறது என்றால், “லீவு போடு” என்பார்கள். காரணம் எதுவானாலும் வாதத்துக்கு இடம் கொடுக்கிறது. “எனக்கு வேண்டாங்க, நான் குடிக்கிறதில்லை” என்ற வாக்கியத்தில் பிடித்து வாதாட எதுவும் இல்லை. மூன்றாவது முறை கேட்டாலும் அதையே, குரல் உயர்த்தாமல், சொல்ல வேண்டும். கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் சோடா இருந்தால் கேள்வியே குறையும்.

ஆனால் இதைப் பேச வேண்டிய இடம் அந்த மேசை அல்ல. நண்பர்கள் முன்னால் மறுக்கப்படும் கணவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. இரண்டு நாள் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது: “நான் வர்றேன். குடிக்க மாட்டேன், ராத்திரி கடல்ல இறங்க மாட்டேன், குடிச்சவங்க ஓட்டுற வண்டியில ஏற மாட்டேன். பதினோரு மணிக்குக் கிளம்பிடுவேன். நீங்க வரலைன்னா நான் வண்டி புக் பண்ணிக்கிறேன்.” இது அவரை அடக்கும் உத்தரவு அல்ல, தான் என்ன செய்வேன் என்ற அறிவிப்பு. பதினோரு மணியானதும் உண்மையிலேயே கிளம்பினால்தான் இதற்கு மதிப்பு. அதற்குத் தனிப் பணமும் சார்ஜ் உள்ள போனும் முகவரி தெரிந்த ஒரு தோழியும் வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே குடிக்காத இன்னொருவர் இருந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

வண்டி விஷயத்தில் சட்டமும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு முதல் முறை 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடன் இருந்து தூண்டியவரையும் 188-ஆவது பிரிவு விடுவதில்லை.

முன்பே பேசியபின் நடப்பதை வைத்துத்தான் கணவரை மதிப்பிட முடியும். வேடிக்கையாக வற்புறுத்தியவர் சற்று முகம் சுளித்துவிட்டு விட்டுவிடுவார். குளிர்பானத்தில் சொல்லாமல் கலப்பது, போனை வாங்கி வைத்துக்கொள்வது, “குடிக்கலைன்னா வீட்டுக்கு வராதே” என்பது, நண்பர்கள் முன் இழிவாகப் பேசுவது ஆகியவை வேறு ரகம். இவற்றுக்கு வற்புறுத்தல் என்ற பெயர் போதாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்துவதையும் மிரட்டுவதையும் சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் வன்முறையாகவே கொள்கிறது. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் அது பொருந்தும். பெண்கள் உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112.