பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் சிலவற்றின் சாளரங்களுக்கு மேல் ‘மங்கி டாப்’ எனப்படும் கூரிய மர முகடுகளைக் காணலாம். முகட்டின் ஒரு சட்டம் உளுத்துப்போனால் அப்பகுதியை மட்டும் நீக்கிப் புதுமரம் இணைக்கலாம்; முகடு முழுவதையும் கழற்றிவிட்டுப் பழையதைப் போலவே செய்தும் பொருத்தலாம். முன்னது பழுதுபார்த்தல், பின்னது புதுப்பித்தல்.

இவ்வேறுபாட்டை வற்புறுத்தியவர் கைவினை மறுமலர்ச்சியின் முன்னோடியான வில்லியம் மாரிஸ். 1877இல் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவிய அவர், கைவினைஞனின் வேலைப்பாடு அவன் காலத்துக்கே உரியது என்றும், பிற்காலத்தார் அதனைப் போலச் செய்தால் வரலாற்றுச் சான்று அழியும் என்றும் கருதினார். ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டின் வழியே இக்கருத்து இந்தியத் தொல்லியல் துறைக்கு வந்தது.

நம் மரபில் திருப்பணியும் ஜீர்ணோத்தாரணமும் சிதைந்ததை மீண்டும் எழுப்புவதையே அறமாகக் கொள்வன. அவற்றைச் செய்யும் கைவினை மரபும் அறுபடவில்லை. 2004இல் இன்டாக் அமைப்பின் சாசனம் இவ்வழக்கத்துக்கும் இடமளித்தது.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘புதுப்பித்தல்’ என்றே பெயர்த்தால், மாரிஸ் மறுத்ததையே அவர் வேண்டினார் என்று படிப்பவர் கொள்ள நேரும்.