ஒரே படத்தில் இரண்டு ஏழாம் இலக்கம்

பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிய கிரிக்கெட் படங்களைக் கட்டைபறிச்சானில் பல வீடுகளில் காணலாம். படத்தின் கீழிருந்த எழுத்து வெட்டும்போதே போய்விடும். பிறகு "இது யார்?" என்று கேட்டால் காக்கா ஒரு பெயர் சொல்வார், வாப்பா வேறொரு பெயர் சொல்வார். படத்துக்குள்ளேயே இருக்கும் அடையாளங்களை ஒழுங்காக வாசித்தால் இந்த வாக்குவாதம் தீரும்.

எல்லாரும் முதலில் பார்ப்பது முதுகில் உள்ள இலக்கத்தைத்தான். ஆனால் இலக்கம் தனியே நின்று பேசாது. சனத் ஜயசூரிய அணிந்தது 7. இந்தியாவின் மகேந்திர சிங் டோனி அணிந்ததும் 7. இரு அணிகளின் உடையும் நீலம். இந்த இருவரும் மோதிய ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம்: 2008 யூலை 6இல் கராச்சி தேசிய மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கை முதலில் துடுப்பெடுத்தாடியது. ஜயசூரிய 125 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வேளை விக்கெட்டுக்குப் பின்னால் காப்பாளராக நின்றவர் டோனி. அதாவது, ஒரே படத்தில் நீல உடையில் இரண்டு ஏழாம் இலக்கக்காரர்கள் விழக்கூடிய போட்டி அது.

அப்படியொரு படம் கையில் கிடைத்தால் முதலில் ஆளைத் தேடக் கூடாது, போட்டியைத் தேட வேண்டும். எல்லைக்கோட்டை ஒட்டியுள்ள பலகைகளில் கம்பனி விளம்பரங்களுக்கு நடுவே தொடரின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். பாதி எழுத்துத் தெரிந்தாலும் போதும். அடுத்தது சட்டையின் மார்பு. உலகக் கிண்ணம் போன்ற சர்வதேச கிரிக்கெட் பேரவையின் தொடர்களில் மார்பில் நாட்டின் பெயர் பெரிதாக இருக்கும். அனுசரணையாளரின் சின்னம் கைப்பக்கம் போய்விடும். மற்றத் தொடர்களில் மார்பில் அனுசரணையாளரின் பெயரே நிற்கும். இந்தியச் சட்டையில் பல வருடங்கள் "சஹாரா" என்றிருந்து, 2014இல் அது "ஸ்டார்" என மாறியது. எனவே மார்பில் உள்ள ஒரு சொல்லே படத்தின் காலத்தைக் குறுக்கித் தரும்.

நிறத்தை மூன்றாவதாக வைக்க வேண்டும். அந்தக் காலத்து இந்திய நீலம் வெளிறியது. இலங்கையின் நீலம் கடுமையானது, மஞ்சளும் கலந்தது. ஆனால் மின்னொளியும் பத்திரிகை மையும் வெயிலும் நீலத்தை மாற்றிவிடும். ஆகவே நீலத்தை மட்டும் நம்பாமல், அதோடு சேர்ந்துள்ள இரண்டாவது நிறத்தைத் தேடுவது நல்லது.

இதன் பின்னர்தான் இலக்கமும், ஆள் செய்யும் வேலையும். பெரிய கையுறையுடன் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கும் 7 டோனி. துடுப்புடன் நிற்பவரா? கைகளைப் பாருங்கள். இடதுகை ஆட்டக்காரர் துடுப்பைப் பிடிக்கும்போது வலது கை மேலேயும் இடது கை கீழேயும் இருக்கும். வலதுகை ஆட்டக்காரருக்கு இது மாறி வரும். ஜயசூரிய இடதுகை, டோனி வலதுகை. முகம் தலைக்கவசத்துக்குள் மறைந்திருந்தாலும் கைகள் சொல்லிவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அச்சிடும்போதோ தொலைபேசியில் பகிரும்போதோ படம் இடம்வலமாகத் திரும்பியிருந்தால், இடதுகை வலதுகையாகத் தெரியும். அப்போது பலகை எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைமாறி நிற்கும். எழுத்து நேராக இருப்பதை உறுதிசெய்த பிறகே கையை நம்பலாம். 8 திரும்பினாலும் 8 போலவே இருக்கும், 7 காட்டிக்கொடுக்கும்.

இலக்கம் உதவாத படங்களும் உள்ளன. 1996 உலகக் கிண்ணத்தில் முதுகில் பெயர் இருந்தது, இலக்கம் இல்லை. 1999 உலகக் கிண்ணத்தில் இலக்கம் வந்தது. ஆனால் பெரும்பாலும் அணித் தலைவருக்கு 1, மற்றவர்களுக்கு 15 வரை என்று கொடுத்தார்கள். ஆகவே அந்தத் தொடரின் படத்தில் 7 என்று கண்டவுடன் ஜயசூரிய என்று முடிவுகட்ட முடியாது. வெள்ளை உடை டெஸ்ட் போட்டிகளில் முதுகில் பெயரும் இலக்கமும் வழக்கமானது 2019 ஓகஸ்ட்டுக்குப் பிறகே. சில வேளை மாற்று வீரர் இன்னொருவரின் சட்டையை அணிந்து, பெயர்மேல் பட்டி ஒட்டிக் களத்தடுப்புக்கு வருவதும் உண்டு. எங்கள் ஊர்ப் போட்டிகளிலோ, முதுகில் உள்ள 7 அந்தப் பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்பதை மட்டுமே சொல்லும்.

கடைசியாக, கண்டதைப் போட்டியின் ஓட்டப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நாம் சொல்லும் ஆள் அன்று விளையாடினாரா? அவருடன் மறுமுனையில் நிற்பவராகத் தெரிபவர் உண்மையில் அவருடன் ஆடினாரா? பத்திரிகைத் திகதி போட்டித் திகதியல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்தக் கராச்சிப் போட்டியின் படம் திங்கட்கிழமைப் பத்திரிகையில்தான் வந்திருக்கும். பலகை, மார்பு, நிறம், இலக்கம், கை, பட்டியல் ஆகிய ஆறும் ஒரே ஆளைக் காட்டினால் படத்தின் கீழ்ப் பெயரை எழுதலாம். ஒன்று முரண்பட்டாலும் அணியின் பெயரையும் போட்டியையும் மட்டும் எழுதி, ஆளின் பெயருக்கு இடம் விட்டு வைப்பதே சரி.